குருமா சாப்பிட்டு அலர்ஜி, ரிப்போர்ட்டில் முந்திரி: தேங்காயையும் நிறுத்தணுமா?

போச்சம்பள்ளி மருமகள், நியூ ஜெர்சி

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் இங்கே வந்தோம். மகனுக்கு நாலு வயது. ஊரில் இருந்தவரை முந்திரியைத் தனியாகக் கொடுத்ததே இல்லை. போன மாதம் இங்கே ஓர் ஓட்டலில் பரோட்டாவும் வெஜ் குருமாவும் வாங்கினோம். சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு தரம் வாந்தி. எமர்ஜென்சியில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அலர்ஜி டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் முந்திரி 14, பிஸ்தா 11, தேங்காய் 0.5 என்று வந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது.

இதற்கிடையே டேகேரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'ட்ரீ நட்' என்று ஒரு கட்டம். தேங்காயும் அதில்தான் வரும் என்று அங்கே சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் பிஸ்கட் பாக்கெட்டிலும் 'கன்டெய்ன்ஸ்: ட்ரீ நட்ஸ்' என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் கோகனட் என்று இருக்கிறது. பயந்துபோய்த் தேங்காயை நிறுத்திவிட்டேன். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளை. மாமியாரோ ஊரிலிருந்து தேங்காய் பர்பி செய்து பார்சல் போட்டுவிட்டார். தேங்காய் நட்டா, பழமா, விதையா? கொடுக்கலாமா, கூடாதா?

காவேரிப்பட்டணம் மண்டிக்காரர்

அம்மா, எங்களுக்கு அப்பா காலத்திலிருந்தே தேங்காய் மண்டி. தேங்காய் பழம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். மேல் மட்டை பழத்தின் தோலும் சதையும், கொட்டாங்குச்சி விதையின் ஓடு, உள்ளே இருப்பது விதைப் பருப்பு. நட்டு என்று எழுதுகிறவர்கள் தென்னை மரத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். பழத்துக்கு எங்கேயம்மா அலர்ஜி? எங்கள் ஆட்கள் நாளெல்லாம் மட்டை உரிக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. தைரியமாகக் கொடுங்கள்.

அரூர் அக்கா, லீட்ஸ்

நான் இங்கே குழந்தைகள் அலர்ஜி கிளினிக்கில் டயட்டீஷியனாக இருக்கிறேன். மண்டிக்கார அண்ணன் சொன்னதில் பாதி சரி. தேங்காய் பழம் என்பதும், உள்ளே உள்ள பருப்பு விதை என்பதும் சரிதான். ஆனால் கொட்டாங்குச்சி விதையின் ஓடு அல்ல, அதுவும் பழத்தின் பகுதியே. பருப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல்தான் விதையின் தோல். மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே சதை, நடுவில் கெட்டியான கொட்டை, அதை உடைத்தால் உள்ளே பருப்பு. தேங்காயிலும் அந்த மூன்றும் அதே வரிசையில்தான் இருக்கின்றன, சதைக்குப் பதில் நார் என்பதுதான் வித்தியாசம்.

இனிதான் சிக்கல். பாதாமும் அப்படியேதான். அதுவும் பழத்துக்குள் கொட்டை, கொட்டைக்குள் பருப்பு. "பழவகை, அதனால் அலர்ஜி வராது" என்றால் பாதாம் யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகவே கூடாது. ஆகவே நட்டா, பழமா என்ற கேள்விக்கு விடை தெரிந்தாலும் உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்பது அதிலிருந்து தெரியாது. அலர்ஜி பார்ப்பது பருப்பில் உள்ள புரதத்தை. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், புரதமும் ஏறக்குறைய ஒன்றுபோல. அதனால்தான் ரிப்போர்ட்டில் இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. பிஸ்தாவைத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்றாலும் அதையும் ஒதுக்கியே வையுங்கள். தென்னை வேறு குடும்பம். பனை, ஈச்சை, பாக்கு இவற்றுக்குத்தான் அது சொந்தம். முந்திரி, வால்நட் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோர் தேங்காயைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள்.

பிறகு ஏன் பாக்கெட்டில் அப்படி அச்சடித்திருக்கிறது? அமெரிக்காவில் 2004-இல் வந்த லேபிள் சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தபோது, அங்கத்திய உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ போட்ட ட்ரீ நட் பட்டியலில் தேங்காயும் இருந்தது. 2025 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய அச்சு கடையில் இன்னும் கிடக்கும், டேகேர் படிவமும் பழையதாகவே இருக்கும். இங்கே பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நட் பட்டியலில் தேங்காய் எப்போதும் இருந்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தக் குருமாவுக்கு முன்னால் அவன் தேங்காய்ச் சட்னி சாப்பிட்டு வந்தானா? அந்தக் குருமாவில் என்ன அரைத்துப் போட்டார்கள் என்று ஓட்டலில் கேட்டீர்களா?

ஓசூர் தம்பி, டாலஸ்

எனக்கும் தேங்காய் அலர்ஜி உண்டு அக்கா. இங்கே வந்ததும் ஒரு ஷாம்பூ போட்டேன், கழுத்து, காது ஓரமெல்லாம் அரிப்பு, தோல் உரிந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தேங்காயிலிருந்து எடுத்தது என்று ஒரு நீளமான பெயர். அன்றிலிருந்து தேங்காயே தொடுவதில்லை. அம்மா ஃபோனில் திட்டுகிறார்.

அரூர் அக்கா, லீட்ஸ்

தம்பி, அந்தப் பெயர் கோகமிடோபுரோபில் பீட்டேனாக இருக்கும். நுரைக்காகப் போடுவது. தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் அது வேறு ரசாயனம். தயாரிக்கும்போது தங்கிவிடும் சில சேர்மங்கள்தான் பெரும்பாலும் தோலைக் கெடுப்பவை. அது தோல் டாக்டர் ஒட்டுப் பரிசோதனை வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். சட்னி சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் சட்னியை ஏன் விட்டீர்கள்? அம்மா திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

பாலக்கோட்டான், டொரண்டோ

தேங்காய்க்கு அலர்ஜியே வராது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் தம்பிக்கு நிஜமாகவே உண்டு. சின்ன வயதில் கல்யாண வீட்டில் தேங்காய்ப் பால் குடித்துத் தொண்டை அடைத்து, தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முந்திரி, நிலக்கடலை எல்லாம் சாப்பிடுவான், தேங்காய் மட்டும் ஆகாது. அவனும் இங்கே வந்துவிட்டான். இந்த நாட்டிலும் தேங்காய் ட்ரீ நட்டில் சேராது. அதனால் அவனுக்குத்தான் தொல்லை, தேங்காய்க்கென்று தனி எச்சரிக்கை வரி கிடையாது, பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு சின்ன எழுத்தைப் படிக்கிறான். பட்டியலிலிருந்து எடுத்தது உங்களுக்கு நல்லது, அவனுக்கு இல்லை.

அரூர் அக்கா, லீட்ஸ்

சரியாகச் சொன்னீர்கள். அரிதுதான், ஆனால் வந்தால் கடுமையாகவே வரலாம். அமெரிக்காவிலும் இனி தேங்காய் ஆகாதவர்கள் 'கன்டெய்ன்ஸ்' வரியை நம்ப முடியாது, முழுச் சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். தம்பி எண்ணெயில் எதைப் பயன்படுத்துகிறார்? செக்கு எண்ணெயில் புரதம் கொஞ்சம் தங்கும், சுத்திகரித்ததில் மிகக் குறைவு.

பாலக்கோட்டான், டொரண்டோ

இரண்டும் தொடமாட்டான். டாக்டர் சுத்திகரித்தது பரவாயில்லை என்றுதான் சொன்னார், இவன் நம்பவில்லை.

போச்சம்பள்ளி மருமகள், நியூ ஜெர்சி

அக்கா, ஓட்டலுக்குப் போன் செய்தேன். முந்திரி, தேங்காய், கசகசா மூன்றையும் ஊறவைத்து ஒன்றாக விழுதாக அரைத்துப் போடுகிறார்களாம். வீட்டுக் குருமாவில் நாங்கள் தேங்காயும் பொட்டுக்கடலையும்தான் அரைப்போம், அதனால் முந்திரி என்ற நினைப்பே வரவில்லை. தேங்காய்ச் சட்னி அவன் சோறு தின்ன ஆரம்பித்ததிலிருந்து சாப்பிடுகிறான். அந்தக் குருமா சம்பவத்துக்குப் பிறகும் ரிப்போர்ட் வரும்வரை சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அந்த 0.5 என்ன?

அரூர் அக்கா, லீட்ஸ்

அந்த எண், உடம்பு தேங்காயை அடையாளம் கண்டு கொஞ்சம் எதிர்ப்பொருள் வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. சாப்பிட்டால் தடிக்குமா, வாந்தி வருமா என்று அது சொல்லாது. 0.35-க்கு மேல் போனாலே ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று போடுவது வழக்கம், 0.5 அதைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அடிக்கடி சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு, சாப்பிட்ட சரித்திரம்தான் எண்ணைவிடப் பெரிய சாட்சி. முந்திரி விஷயம் வேறு. அங்கே எண்ணும் அதிகம், கண்ணெதிரே நடந்த சம்பவமும் இருக்கிறது, இரண்டும் ஒரே பக்கம் காட்டுகின்றன.

ஆனாலும் நிறுத்திவிட்டீர்கள், ரிப்போர்ட்டிலும் பெயர் வந்துவிட்டது. அதனால் டாக்டரைப் பார்க்கும்வரை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவரிடம் இந்த வரிசையில் சொல்லுங்கள்: எந்த வயதிலிருந்து சட்னி சாப்பிட்டான், குருமாவில் என்ன இருந்தது, அதற்குப் பிறகும் தேங்காய் சாப்பிட்டு என்ன ஆனது. வீட்டிலேயே திரும்பக் கொடுக்கச் சொல்லலாம், கிளினிக்கில் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லலாம். அது அவர் முடிவு. எதுவானாலும் வீணாக நீண்ட நாள் நிறுத்திவைக்க வேண்டாம்.

மாமியார் பர்பியைக் கொடுக்காதீர்கள். தேங்காய்க்காக இல்லை, மேலே தூவும் முந்திரிக்காகவும், முந்திரி அரைத்த மிக்ஸி ஜாருக்காகவும். முந்திரி, பிஸ்தா படாமல் செய்தேன் என்று அவர் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம். நிப்பட்டு அனுப்பினால் அதில் நிலக்கடலை இருக்கும். அது மரத்தில் காய்ப்பதில்லை, பருப்பு வகை, தனிக் கதை. அவன் ஏற்கெனவே கடலை சாப்பிட்டுப் பழகியவன் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சூளகிரி ராசா, மெல்போர்ன்

தேங்காய் மேலே பழி விழுந்து வேறொன்று காரணமாக இருப்பது இன்னொரு வகையிலும் நடக்கும். இங்கே 2013-இல் பத்து வயதுப் பையன் ஒருவன் தேங்காய்ப் பானம் குடித்து இறந்துபோனான். அவனுக்குப் பால் ஆகாது. பானத்தில் பால் கலந்திருந்தது, லேபிளில் சரியாகப் போடவில்லை. தேங்காய்ப் பால் பவுடர் பாக்கெட்டுகளிலும் சோடியம் கேசினேட் என்று ஒன்று இருக்கும், கட்டி தட்டாமல் இருக்கப் போடுவது, அது பசும்பால் புரதம். பால் ஆகாதவர்கள் வீட்டில் துருவிப் பிழிந்துகொள்வதே நல்லது.

காவேரிப்பட்டணம் மண்டிக்காரர்

பவுடரில் பால் கலக்கிறார்களா? அது எனக்குப் புதுச் செய்தி. கொட்டாங்குச்சி விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

போச்சம்பள்ளி மருமகள், நியூ ஜெர்சி

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா சொன்ன வரிசையிலேயே சொன்னேன். கிளினிக்கிலேயே தேங்காய் கொடுத்துப் பார்க்கலாம் என்றார், தேதி இன்னும் தரவில்லை. முந்திரி, பிஸ்தா இரண்டும் முழுதாக நிறுத்தம். எபிநெஃப்ரின் ஊசி இரண்டு எழுதிக்கொடுத்தார், ஒன்று டேகேருக்கு. டேகேரில் இன்னும் 'ட்ரீ நட்' கட்டத்தை விட மாட்டேன் என்கிறார்கள்.

அரூர் அக்கா, லீட்ஸ்

கட்டத்தில் டிக் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். டாக்டர் கையெழுத்திடும் அவசர நடவடிக்கைத் தாளில் முந்திரி, பிஸ்தா என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். தேங்காய்க்கு எதிரே 'பரிசோதனை நிலுவையில்' என்று எழுதட்டும். கிளினிக்கில் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் புதுத் தாள் வாங்கி மாற்றிவிடலாம். அதுவரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொட்டுக்கடலைச் சட்னி, தேங்காய் போடாமல்.