சொல் தேவை: ஆம்புலன்ஸ் அறிக்கையில் ரெஸ்பான்ஸ் டைம்

செல்வி

வணக்கம். ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவேட்டிலிருந்து மாத அறிக்கை எடுக்கும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மண்டலவாரியாக ஓர் அட்டவணை வரும். அதில் `response_time`, `pct_within_target` என்ற இரண்டு தலைப்புகளில் நின்றுவிட்டேன். "மறுமொழி நேரம்", "இலக்குக்குள் விழுக்காடு" என்று போட்டுப் பார்த்தேன். படிக்கிறவருக்குப் பொருள் போய்ச் சேருமா என்று சந்தேகமாக இருக்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

இளங்கோ

மறுமொழி நேரம் கணினித் துறையில் பல காலமாகப் புழங்கும் சொல். நாம் கேட்டதற்குச் சர்வர் பதில் தர எடுக்கும் நேரம். இங்கேயும் அதேதான்: அழைக்கிறோம், வண்டி வருகிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஒவ்வொரு துறைக்கும் ஒன்று உருவாக்கினால் அகராதிதான் பெருக்கும். அப்படியே வைத்துவிடுங்கள்.

பத்மா

இது ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற நேரம்தானே? அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். சென்ற வருடம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். போனை உடனே எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் வண்டி குடியிருப்பின் வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் எந்தப் பிளாக் என்று காவலாளிக்குச் சொல்லத் தெரியவில்லை, லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நான்காவது மாடிக்கு அவர்கள் ஏறி வர இன்னொரு பத்து நிமிடம். அந்த இரண்டாவது பத்து நிமிடம்தான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. நீங்கள் எந்தச் சொல் வைத்தாலும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரவீந்திரன்

லண்டனில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதினொரு வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்மா அக்கா, இது ஆஸ்பத்திரி வரைக்குமான நேரம் இல்லை. வண்டி சம்பவ இடத்தில் வந்து நிற்பதோடு கடிகாரம் நின்றுவிடும். நீங்கள் சொன்ன இரண்டாவது பத்து நிமிடம் இந்தக் கணக்கில் வராது. அதை அளக்க வேண்டுமானால் நோயாளியின் பக்கத்தில் போய் நின்ற நேரத்தைத் தனியாகப் பதிய வேண்டும், அதற்கு வேறு பெயரும் வேண்டும்.

இளங்கோ தம்பி, மறுமொழி என்பதில் எனக்கு உள்ள சிக்கல் இதுதான். கட்டுப்பாட்டு அறையில் இன்னொரு அளவும் உண்டு: மணி அடித்ததிலிருந்து போனை எடுக்கும் வரை எத்தனை நொடி. "மறுமொழி நேரம் 5 வினாடி" என்றால் யாருக்கும் அதுதான் தோன்றும். பத்மா அக்காவே "போனை உடனே எடுத்தார்கள்" என்று தனியாகத்தானே சொன்னார்? மறுமொழியை அதற்கு விட்டுவிடலாம்.

தொடக்கத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் உயிர் போகும் நிலையிலுள்ள முதல் வகை அழைப்புக்கு, அழைப்பு இணைந்த நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. என்ன பிரச்சினை என்று தெரிந்த நொடி, வண்டியை ஒதுக்கிய நொடி, இணைந்து 30 வினாடி ஆன நொடி, இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அங்கிருந்து ஓடும். மற்ற வகைகளில் அந்த 30 என்பது 240 வினாடி. ஆகவே அழைத்தவர் வீட்டில் எண்ணும் நிமிடமும் அறிக்கையில் வரும் நிமிடமும் ஒன்றாக இருக்காது.

இளங்கோ

சரி, போன் எடுப்பதோடு குழம்பும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் "துலங்கல் நேரம்"? பள்ளிப் பாடத்திலேயே தூண்டல், துலங்கல் உண்டு.

ரவீந்திரன்

சூடு பட்டதும் கையை இழுத்துக்கொள்வதற்குத் துலங்கல் பொருத்தம். வண்டிக்கு எனக்கு ஒட்டவில்லை. "சென்றடை நேரம்" எப்படி?

செல்வி

கிட்டத்தட்ட வந்துவிட்டோம் ஐயா. ஆனால் "சென்று" என்பது வண்டியை அனுப்புகிறவர் பார்வை. அறிக்கையை ஊர் மக்களும் படிப்பார்கள். வீட்டு வாசலில் நிற்கிறவருக்கு வண்டி வருகிறது, செல்வதில்லை. அதனால் "வந்துசேர்" என்று தொடங்கலாம்.

அடுத்த தொல்லை "நேரம்". பக்கத்திலேயே `arrival_time` என்ற பத்தியும் உண்டு. 10:42 என்பதும் நேரம், 9 நிமிடம் என்பதும் நேரம். "வந்துசேர் நேரம்" என்று போட்டால் இரண்டில் எது என்று தெரியாது. "வருகை இடைவெளி" என்றும் நினைத்தேன், ஆனால் அது ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவிலுள்ள நேரம் போல இருக்கிறது. இப்போது என் மனதில் நிற்பது: 10:42-க்கு "வந்த நேரம்", 9 நிமிடத்துக்கு "வந்துசேரப் பிடித்த நிமிடம்". நீளம்தான், ஆனால் விளக்கம் தேவைப்படாது.

இளங்கோ

அது வாக்கியம், கலைச்சொல் ஆகாது. வரைபடத்தின் அச்சில் இடம் இருக்காது. குறுக்கி "வரவு நிமிடம்"?

ரவீந்திரன்

வரவு என்றால் வரவு செலவு நினைவுக்கு வரும். எனக்குச் செல்வி சொன்னது பிடித்திருக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய பிழை இரண்டாவது தலைப்பில் இருக்கிறது. அங்கே இரண்டு இலக்குகள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன.

இங்கிலாந்தின் பழைய விதி, மிக அவசரமான அழைப்புகளில் 75 விழுக்காட்டுக்கு 8 நிமிடத்துக்குள் வண்டி போக வேண்டும் என்பது. இதில் இலக்கு எது, 8 நிமிடமா, 75 விழுக்காடா? ஒன்று ஒவ்வொரு வண்டிக்கும் வைத்த காலக்கெடு. மற்றது மாதக் கடைசியில் நிர்வாகம் எட்ட வேண்டிய அளவு. முன்னதைக் "கெடு" என்றும் பின்னதை மட்டும் "இலக்கு" என்றும் வைக்கச் சொல்வேன். அப்போது தலைப்பு "கெடுவுக்குள் வந்தவை, %" ஆகும். நானே இட்டுக்கட்டிய ஓர் உதாரணம்:

```
zone,calls,within_8min
வடக்கு,240,204
தெற்கு,60,27
```

வடக்கில் 85 விழுக்காடு, தெற்கில் 45. கடைசி வரியில் சிலர் இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள், 65 வரும். அது தவறு, ஏனென்றால் 60 அழைப்புக்கும் 240 அழைப்புக்கும் ஒரே எடை கொடுத்தாயிற்று. சரியான கணக்கு 300-இல் 231, அதாவது 77. இலக்கு 75 என்றால் ஊர் முழுவதும் தேறிவிட்டது. ஆனால் தெற்கில் பாதிப் பேருக்குக்கூட வண்டி கெடுவுக்குள் வரவில்லை. "இலக்குக்குள் 45%" என்று அந்த வரியில் எழுதினால் படிக்கிறவர் எதைப் புரிந்துகொள்வார்?

தெற்கில் கெடு தாண்டிய 33 பேருக்கு வண்டி 9-ஆவது நிமிடம் வந்ததா, 40-ஆவது நிமிடம் வந்ததா என்பதும் இந்த விழுக்காட்டில் தெரியாது. கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே, நோயாளியை ஏற்றிக்கொண்டு போக முடியாத காரையோ பைக்கையோ முதலில் அனுப்பும் பழக்கமும் அங்கே வளர்ந்தது. 2017-இல் முறையை மாற்றினார்கள். இப்போது முதல் வகைக்குச் சராசரி 7 நிமிடம், அதோடு பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு 15 நிமிடத்துக்குள். அந்த இரண்டாவது அளவுக்கு 90-ஆவது நூற்றுமானம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது.

பத்மா

கெடு என்றதும் எனக்குக் கெடுதல்தான் நினைவுக்கு வருகிறது. கடன்காரன் வைப்பது கெடு. "கால வரம்பு" என்று சொன்னால் என்ன? பொதுமக்கள் படிக்கிற அறிக்கை என்கிறீர்களே.

ரவீந்திரன்

வரம்பும் பரவாயில்லை அக்கா. இலக்கோடு கலக்காமல் இருந்தால் போதும்.

செல்வி

நான் "கெடு" பக்கம்தான் சாய்கிறேன். "கெடுவுக்குள்" எவ்வளவு இயல்பாக வருகிறது! இன்று இப்படிப் பதிந்து வைக்கிறேன்: அட்டவணையில் "வந்துசேரப் பிடித்த நிமிடம்", "கெடுவுக்குள் வந்தவை, %", தலைப்புக்கு மேலே தனி வரியில் "கெடு: 8 நிமிடம், இலக்கு: 75%". அச்சில் போடச் சுருக்கமான சொல் இன்னும் கிடைக்கவில்லை. பத்மா அக்கா சொன்ன மாடிப்படி நேரத்துக்கு மென்பொருளில் பத்தியே கிடையாது, எழுதியவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

"மண்டலம்" பற்றியும் ஒரு கேள்வி. அழைப்பு வந்த இடத்தின் மண்டலமா, வண்டி கிளம்பிய நிலையத்தின் மண்டலமா? வடக்கு வண்டி தெற்குக்கு ஓடினால் அந்த நிமிடங்கள் எந்த வரியில் சேரும்?

ரவீந்திரன்

நான் வேலை பார்த்த இடத்தில் நோயாளி இருந்த இடம்தான். உங்கள் மென்பொருளில் எப்படி என்று முதலில் பாருங்கள், சொல்லை அப்புறம் தேடலாம்.