உதவி: கடைசிக் கடையின் பெட்டிகளை முதலில் ஏற்றியும் வெள்ளவத்தையில் பாதி லொறியை இறக்க வேண்டி வந்தது

பேலியகொடைத் தம்பி
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், நாளைக் காலையும் லொறி ஏற்ற வேண்டும். எல்லோரும் சொல்வதுபோலக் கடைசிக் கடையின் பெட்டிகளைத்தான் முதலில் ஏற்றினோம். இருந்தும் மூன்றாவது கடையான வெள்ளவத்தையில் நின்றபோது பெட்டிகள் கைக்கு எட்டவில்லை. காலி வீதியோரம் பாதி லொறியை இறக்கி, தேடி எடுத்து, மறுபடி ஏற்றினோம். முக்கால் மணி நேரம் போய்விட்டது. பிஸ்கட் பெட்டிகள் சிலவும் நசுங்கிவிட்டன. எங்கே பிழை விட்டோம்?

வத்தளைச் சாரதி
என்ன லொறி? பின்கதவு மட்டுமா, பக்கக் கதவும் உண்டா? எத்தனை கடைகள், எத்தனை பெட்டிகள்? இவற்றைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கடைசியில் இறக்குவது முதலில் ஏறவேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வரிசையை மாற்றி ஏற்றியிருக்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்ளாமல் கேட்கிறீர்கள். பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

பேலியகொடைத் தம்பி
வரிசை மாறவில்லை ஐயா, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடிய லொறி, பின்கதவு மட்டும். உள்ளே நீளம் 14 அடி, அகலம் 6, உயரம் 6. ஏழு கடைகள்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை. மொத்தம் 210 பெட்டிகள். எல்லாமே ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பிஸ்கட், சவர்க்காரம், டின் மீன்.

மருதானை வியாபாரி
எனக்கும் இதே தொல்லை. நான் சின்ன வண்டியில் பூச்செடிகள் கொண்டுபோகிறேன். இரண்டு தட்டுப் பலகை அடித்தபிறகு பிரச்சினை தீர்ந்தது. நீங்களும் தட்டு அடியுங்கள்.

பழைய நாட்டாமி
தம்பி, ஒன்று கேட்கிறேன். மொறட்டுவைப் பெட்டிகளைச் சாரதியின் பின்பக்கத் தகரத்தோடு கூரைப்பக்கம் வரை சுவர்போல அடுக்கினீர்களா, அல்லது தரை முழுவதும் பரப்பினீர்களா?

பேலியகொடைத் தம்பி
பரப்பினோம். உயரமாக அடுக்கினால் சரிந்துவிடும் என்று நாட்டாமி சொன்னார். அதன்மேல் இரத்மலானை, அதன்மேல் கல்கிசை என்று வந்தது.

பழைய நாட்டாமி
பிழை அங்கேதான். நானும் புறக்கோட்டையில் தொடங்கிய காலத்தில் இதே பிழையை விட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் அளவில் பெட்டியின் நீளப்பக்கம் குறுக்கே வந்தால் அகலத்துக்கு நான்கு பெட்டிகள். நீளத்துக்குப் பதினான்கு. ஆக, தரையில் 56 பெட்டிகளுக்கு இடம். மொறட்டுவைக்கு எத்தனை? 50 என்று வைத்தால், அந்த ஒரு கடையே ஏறக்குறையத் தரை முழுவதையும் பிடித்துவிடும். அதற்குமேல் வரும் ஒவ்வொரு கடையும் மெல்லிய விரிப்பாக லொறியின் நீளம் முழுவதும் பரவும். வெள்ளவத்தைப் பெட்டிகளில் சில கதவோரம் இருக்கும், சில 14 அடி உள்ளே இருக்கும். உள்ளே போக ஒரே வழி மற்றக் கடைகளின் பெட்டிகள்மேல் ஏறி நடப்பதுதான். பிஸ்கட் நசுங்கியது சவர்க்காரத்தால் அல்ல, உங்கள் ஆளின் முழங்காலால்.

வரிசை என்பது கீழிருந்து மேலே அல்ல, உள்ளிருந்து கதவு நோக்கி வரவேண்டும். குறுக்கே நான்கு, உயரத்துக்கு ஐந்து, அது ஒரு சுவர். 20 பெட்டிகள், ஓரடி ஆழம். மொறட்டுவையின் 50க்கு இரண்டு சுவர்கள் முழுதாக முடியும், பத்து மிஞ்சும். அந்தப் பத்தையும் மூன்றாம் சுவரில் இடப்பக்கம் இரண்டு தூண்களாக நிறுத்துங்கள். வலப்பக்கத்து இரண்டு தூண்களை இரத்மலானைக்குக் கொடுங்கள். இரத்மலானைக்கு 30 என்றால், பத்து அங்கே, மீதி 20 நான்காம் சுவர். நாலடிக்குள் இரண்டு கடைகள் முடிந்தன. பிந்தி இறக்கும் கடையின் பெட்டி முந்தி இறக்கும் கடையின் பெட்டிக்கு மேலேயோ கதவுப் பக்கமோ வராமல் இருந்தால் போதும். ஒவ்வொரு சுவரிலும் சவர்க்காரமும் டின் மீனும் கீழே, பிஸ்கட் மேலே.

சரிவதைப் பற்றி உங்கள் நாட்டாமி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பிரேக் பிடித்தால் சுவர் முன்னால் சாய்ந்து தகரத்தில் நிற்கும். கிளம்பும்போதுதான் கதவுப் பக்கம் விழும். ஆகவே ஒவ்வொரு கடையிலும் இறக்கியபின் வெளிச்சுவரைச் செங்குத்தாக விடாமல் மேல்வரிசையைக் குறைத்துப் படிபோல ஆக்கிவிட்டு, கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டுங்கள்.

வத்தளைச் சாரதி
பாரத்தை மறந்துவிட்டீர்கள் அண்ணா. பாரமானது எப்போதும் சாரதிப் பக்கம் இருக்கவேண்டும், கடை வரிசை இரண்டாவதுதான். பின்சக்கரத்துக்கு அப்பால் பாரம் தொங்கினால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. நான் பட்டிருக்கிறேன்.

பழைய நாட்டாமி
காரணம் சரி, முடிவு பாதிதான் சரி. கொள்ளுப்பிட்டிக்கு 40 பெட்டி சவர்க்காரம் என்று வையுங்கள். அதை உள்ளே தள்ளினால் முதல் கடையிலேயே லொறியைக் காலியாக்க வேண்டும். 210 பெட்டிகளுக்குப் பத்தரைச் சுவர்கள்தான். கதவோரம் மூன்றரை அடி சும்மா கிடக்கிறது. அதை நிரப்பப் பார்க்காமல் எல்லாவற்றையும் தகரத்தோடு நெருக்கினால், கொள்ளுப்பிட்டிச் சவர்க்காரம் பின்சக்கரத்துக்கு அருகில் வந்து நிற்கும். ஆள் நின்று இறக்கவும் இடம் கிடைக்கும்.

வத்தளைச் சாரதி
280 பெட்டிகள் வந்து லொறி நிறைந்தால்? அப்போது மூன்றரை அடி எங்கே?

கணக்குப்பிள்ளை
அப்போது பாதையைத் திருப்புங்கள். மொறட்டுவைக்கு நேரே போய், அங்கிருந்து கொள்ளுப்பிட்டி நோக்கி இறக்கிக்கொண்டு வாருங்கள். சவர்க்காரம் தானாகச் சாரதிப் பக்கம் போய்விடும்.

வத்தளைச் சாரதி
மாலையில் கொள்ளுப்பிட்டியில் லொறி நிறுத்த இடம் யார் தருவார்? அந்தக் கடைக்காரர் காலையில் பொருள் கேட்பதால்தான் அது முதலில் இருக்கிறது. வீதியில் நிற்பவன் சொல்வதையும் கேளுங்கள் ஐயா.

கணக்குப்பிள்ளை
இருபது வருடமாக லொறிக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு வீதி தெரியாது என்று சொல்லவேண்டாம்.

கிராண்ட்பாஸ் ஸ்டோர்ஸ்
சண்டையை விட்டுவிட்டு இதையும் பாருங்கள். எங்கள் இடத்தில் சுவர் சரியாக அடுக்கியும் குழப்பம் வந்தது. களஞ்சியத்தில் ஏற்றும் வரிசைப்படி எண் போட்டார்கள்: மொறட்டுவை 1. சாரதியின் கையிலிருந்த தாளில் மொறட்டுவை 7. கொள்ளுப்பிட்டியில் உதவியாள் 1 என்று எழுதிய பெட்டியைத் தேடி உள்ளே ஏறிவிட்டான். இப்போது ஒரே எண்தான், இறக்கும் வரிசை எண். ஏற்றுவது பெரிய எண்ணில் தொடங்கும். எண்ணைக் கதவு பார்க்கும் பக்கத்தில் மார்க்கரால் உள்ளங்கை அளவில் எழுதுகிறோம்.

தம்பி, இன்னொன்று: பொருள் களஞ்சியத்திலிருந்து சவர்க்காரம் எல்லாம் ஒன்றாக, பிஸ்கட் எல்லாம் ஒன்றாக வெளியே வருகிறதா? அப்படியென்றால் முதலில் தரையில் கடைவாரியாகப் பிரித்துவைத்து, சிட்டையோடு எண்ணிப்பார்த்தபிறகே லொறிக்குள் விடுங்கள். பிந்தி வரும் ஒரு பெட்டி மொறட்டுவையுடையது என்றால், அது கதவோரம்தான் ஏறும். அதற்கு முந்திய ஆறு கடையிலும் அதைத் தூக்கி வைக்கவேண்டி வரும்.

பேலியகொடைத் தம்பி
நன்றி அண்ணாமாரே, இரவிலேயே தரையில் பிரித்துவைக்கச் சொல்கிறேன்.

*இரண்டு நாள்கள் கழித்து*

பேலியகொடைத் தம்பி
சுவராக அடுக்கினோம். வெள்ளவத்தையில் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டோம், எதுவும் நசுங்கவில்லை. தெஹிவளையில் கடைக்காரர் திருப்பிக் கொடுத்த காலாவதிப் பெட்டிகள் பதினைந்து வந்தன. கதவோரம் வைத்ததால் கல்கிசையில் மறுபடி வழி மறித்தது. அவற்றை எங்கே வைப்பது?

வத்தளைச் சாரதி
சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் கொஞ்சம், மீதியை அடுத்த நாள் எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய நாட்டாமி
இருக்கையில் வைக்காதீர்கள், பிரேக் பிடித்தால் கியர்மேல் விழும். ஐந்தைந்தாக மூன்று தூண், கதவின் இடது மூலையில், கயிறு போட்டு. வலப்பக்கத்தால் இறக்குங்கள். ஆனால் பதினைந்து நாற்பதாகிவிட்டால் இது சரிவராது, தம்பி. அதற்கு என்னிடமும் வழி இல்லை.