அம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோது

*9:40*
*கவிதா:* அம்மாவை 8:30க்கு உள்ளே கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர். அப்பா உட்காரவே இல்லை, வராண்டாவில் நடந்துகொண்டே இருக்கிறார். பாட்டு ஏதாவது போட்டுக் கொடுக்கட்டுமா?

*ரவி மாமா:* நீலாம்பரி போடு. தாலாட்டு ராகம், ஐந்தே நிமிஷத்தில் கண் சொக்கும்.

*வசந்தி சித்தி:* தாலாட்டு ராகம்தான் அண்ணா. ஆனால் நெஞ்சு படபடக்கும்போது எடுத்தவுடனே அதைப் போட்டால் எரிச்சல்தான் வரும். கவிதா, அத்தான் நடக்கிற வேகத்துக்கு ஒத்த பாட்டை முதலில் போடு. அடுத்தது கொஞ்சம் நிதானமாக. இப்படி நாலைந்து பாட்டில் மெல்ல இறக்கு. தொடையில் தாளம் தட்டிப் பார், கடிகாரத்தின் நொடி முள்ளோடு கிட்டத்தட்ட சேர்ந்து போனால் அந்த வேகத்திலேயே நிறுத்திக்கொள். அப்புறம் நீலாம்பரி போடலாம்.

*மலர் அத்தை:* எனக்குப் பித்தப்பை எடுத்தபோது தியேட்டருக்குள்ளேயே பாட்டு ஓடியது. அண்ணிக்கும் போடச் சொல்லேன்.

*கவிதா:* அம்மாவுக்கு முழு மயக்கம், அத்தை. நான் கேட்டது அப்பாவுக்கு.

*வசந்தி சித்தி:* இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிவிடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

*10:10*
*கவிதா:* அம்மா எப்போதும் முணுமுணுக்கும் பாட்டு நடுவில் வந்துவிட்டது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

*வசந்தி சித்தி:* அதை எடுத்துவிடு. தெரிந்த பாட்டாக இருக்கட்டும், அக்காவை நினைவூட்டும் பாட்டு இப்போது வேண்டாம்.

*ரவி மாமா:* அழுதால் பாரம் இறங்குமே?

*வசந்தி சித்தி:* சிலருக்கு இறங்கும். அத்தானுக்கு எப்படியோ, அவரிடமே கேட்டுவிடு கவிதா.

*10:35*
*கவிதா:* கேட்டேன், பதில் இல்லை. அந்தப் பாட்டை எடுத்துவிட்டேன். 10:30க்கு முடிகிற மாதிரிதான் பாட்டுகளை அளந்து வைத்திருந்தேன். பாட்டு நின்றதும், "ஏன் இன்னும் வரவில்லை?" என்று மறுபடி எழுந்துவிட்டார்.

*வசந்தி சித்தி:* அளந்து வைக்காதே கண்ணு, அதுவே அவருக்குக் கெடுவாகிவிடும். டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் ஆபரேஷன் நேரம் மட்டும். மயக்கம் கொடுப்பதும் தெளிய வைப்பதும் தனி. திரும்பத் திரும்ப ஓடவிடு. வாயை மூடியபடி கூடவே முனகச் சொல். மூச்சு நீளமாக வெளியே போகும், படபடப்பு தானாகக் குறையும்.

*11:00*
*கவிதா:* முனகுகிறார் சித்தி! சுருதி எங்கேயோ போகிறது, ஆனால் உட்கார்ந்துவிட்டார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

*மலர் அத்தை:* அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கால் நிற்காது.

*11:20*
*கவிதா:* கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை, அப்பாதான் முதலில் எழுந்தார். நல்லபடியாக முடிந்ததாம். அம்மாவுக்கு மயக்கம் தெளிந்துகொண்டிருக்கிறது, அரை மணி கழித்துப் பார்க்கலாம்.

*ரவி மாமா:* அந்த அரை மணிக்கு நீலாம்பரி போடு.