பயிற்சியாளர் 11 பேருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டுமா? உதவி தேவை

கோவை_கணக்கர்:
வணக்கம். 140 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் மூன்று வகைப் புதியவர்கள் இருக்கிறார்கள்: அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகியுள்ள 4 ஐ.டி.ஐ. மாணவர்கள், நாங்களே கடிதம் கொடுத்து, மாதம் 12,000 ரூபாய் உதவித்தொகையில் சேர்த்த 11 ‘டிரெய்னி’கள், மூன்று மாதத் தகுதிகாண் பருவத்தில் உள்ள 3 பேர். இவர்களில் யாருக்கும் நாங்கள் இதுவரை பங்களிப்பு கட்டியதில்லை. 2023 ஏப்ரல் முதல் 2024 செப்டம்பர் வரையிலான 18 மாதங்களுக்கு விளக்கம் கேட்டு இப்போது பி.எஃப். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த 18 மாதமும் இதே 11 பேர்தான் டிரெய்னிகள். என்ன பதில் எழுதுவது?

சட்டப்புலி:
பயப்பட வேண்டாம். பயிற்சி பெறுபவர் தொழிலாளி அல்லர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. புத்தூர் சாக்லேட் ஆலை வழக்கைக் காட்டிப் பதில் எழுதுங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுமே போய்விடும்.

மூர்த்தி_ஆலோசகர்:
அந்தத் தீர்ப்பு பி.எஃப். பற்றியது மட்டுமே. உங்கள் 18 மாதத்துக்குப் பொருந்தும் 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டம் இரண்டு வகை அப்ரண்டிஸ்களை விலக்குகிறது: அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வருபவர், நிறுவனத்தின் பணிவிதிகளான நிலையாணைகளின்கீழ் வருபவர். சான்றளிக்கப்பட்ட சொந்த நிலையாணைகள் இல்லாத இடத்தில் அரசின் மாதிரி நிலையாணைகளே செல்லும் என்பதால்தான் புத்தூர் ஆலைக்கு விலக்கு கிடைத்தது. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இந்த இரண்டாவது விலக்கு முன்பு இருந்தது; 2010 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் 11 பேரும் பி.எஃப். வளையத்துக்கு வெளியே நிற்க வாய்ப்பிருந்தாலும், உதவித்தொகை 21,000 ரூபாய்க்குக் கீழ் இருப்பதால் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு சட்டமும் இரண்டு பதில் சொல்வது விசித்திரம்தான், ஆனால் நிலைமை அதுதான்.

ஐ.டி.ஐ. மாணவர்கள் நால்வருக்கும் இரண்டுமே இல்லை; ஒப்பந்தம் பதிவான தேதியையும் முடியும் தேதியையும் மட்டும் சரிபாருங்கள். தகுதிகாண் பருவத்தினரைப் பற்றி விவாதமே இல்லை: அவர்கள் நிரந்தர இடத்துக்கு எடுக்கப்பட்ட ஊழியர்கள், பணி உறுதியாகும் நாளில் அல்ல, சேர்ந்த முதல் நாளிலேயே இரண்டும் தொடங்கிவிடும்.

தாய்மனம்:
என் மகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிரெய்னியாகச் சேர்ந்த முதல் மாதமே பி.எஃப். பிடித்துவிட்டார்கள். பயிற்சி காலத்தில் பிடிக்கக் கூடாதென்றால் அந்தப் பணத்தை இப்போது திரும்பக் கேட்கலாமா?

மூர்த்தி_ஆலோசகர்:
அம்மா, உங்கள் மகளின் பதவிப் பெயரில்தான் ‘டிரெய்னி’ இருக்கிறது. நியமனக் கடிதத்தில் சம்பளம் என்றிருந்தால் அவர் ஊழியர், பிடித்தது சரி. நிறுவனத்தின் பங்கும் அவர் கணக்கில்தான் சேர்கிறது, திரும்பக் கேட்பது அவருக்கே நஷ்டம்.

கோவை_கணக்கர்:
நன்றி ஐயா. அப்படியானால் 11 பேருக்கு இ.எஸ்.ஐ. மட்டும் கட்டிவிட்டால் போதுமா? எவ்வளவு வரும்?

மூர்த்தி_ஆலோசகர்:
11 பேரின் மாதத் தொகை 1,32,000. நிறுவனம் 3.25%, ஊழியர் 0.75%, ஆக 4% என்றால் மாதம் 5,280, பதினெட்டு மாதத்துக்கு 95,040 ரூபாய். வட்டி தனி. பி.எஃப்.பும் விழுந்தால் நிர்வாகக் கட்டணம், காப்பீடு உட்பட 25%, அதாவது மாதம் 33,000, மொத்தம் 5,94,000. கடந்த மாதங்களுக்கான ஊழியர் பங்கை இப்போது அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது என்பதால் முழுவதும் முதலாளி தலையில்தான் விழும்.

பி.எஃப். விழுமா என்பதை நீங்கள் டிரெய்னிகளுக்குக் கொடுத்த கடிதத்தின் தலைப்பு தீர்மானிக்காது. பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவு விசாரணையில் அதிகாரி முதலில் கேட்பது வருகைப் பதிவேடும் உற்பத்திப் பதிவேடும். டிரெய்னியின் பெயர் இரவு ஷிப்டில் தனி இயந்திரத்துக்கு எதிரே இருக்கிறதா, ஓவர்டைம் போட்டிருக்கிறதா, பாடத்திட்டமும் பயிற்றுநரும் உண்டா என்று பார்ப்பார்.

பிரஸ்_ஷாப்_சேகர்:
எங்கள் பட்டறையில் ஒரு டிரெய்னிப் பையனுக்குப் பிரஸ்ஸில் இரண்டு விரல் போய்விட்டது. இ.எஸ்.ஐ. எண் இல்லாததால் மருத்துவச் செலவும் இழப்பீடும் முதலாளியே கொடுக்க வேண்டியதாயிற்று. கணக்குப் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவை_கணக்கர்:
பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். 11 பேரில் 7 பேரின் பெயர் லேத் வரிசையில் தினசரி எண்ணிக்கையோடு இருக்கிறது. ஜூலையில் ஓவர்டைமும் கொடுத்திருக்கிறோம். மற்ற நால்வருக்கு மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பயிற்சிக் குறிப்பேடு உண்டு.

மூர்த்தி_ஆலோசகர்:
அப்படியானால் 7 பேரின் பி.எஃப்.பைக் காப்பாற்றுவது கடினம். நால்வருக்காக மட்டும் குறிப்பேட்டை இணைத்து வாதாடுங்கள்; 11 பேரையும் ஒரே கூடையில் போட்டால் நால்வரின் ஆதாரமும் வலுவிழக்கும். 11 பேரின் இ.எஸ்.ஐ.யை அந்த அலுவலகக் கடிதத்துக்குக் காத்திராமல் கட்டிவிடுங்கள்.

சட்டப்புலி:
இ.எஸ்.ஐ. திருத்தம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ‘ஊழியர்’ என்பதிலிருந்து அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் உள்ளவரை மட்டுமே விலக்குகிறது. நிலையாணை விலக்கு அதில் இல்லையே? இனி அந்த நால்வரின் கதி?

மூர்த்தி_ஆலோசகர்:
நல்ல கேள்வி. உங்கள் 18 மாதமும் பழைய சட்டத்தின் காலம், அதற்குப் பழைய விலக்கைக் கேட்கலாம். இனி சேர்ப்பவர்களுக்கு அந்த வாதம் நிற்கும் என்று நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன்.

கோவை_கணக்கர்:
முதலாளியிடம் 7 பேரின் தொகையைச் சொன்னேன், 3,78,000 என்றதும் மௌனமாகிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. முடிந்ததும் எழுதுகிறேன்.