அசையாமல் நின்றுவிட்ட தாங்கிக்கு ஒரு சொல் வேண்டும்

உதவிப் பொறியாளர், தொண்டி:

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கழிமுகத்தின் மேல் நிற்கும் ஒரு சின்னப் பாலத்தின் ஆய்வு அறிக்கையைத் தமிழில் எழுதுகிறேன். மூன்று கண், ஒவ்வொன்றும் 25 மீட்டர். ஒவ்வொரு கண்ணுக்கும் தொண்டிப் பக்க முனையில் நிலைத் தாங்கி, மறுமுனையில் உருளைத் தாங்கி. உருளை துருவேறி நகராமல் நின்றுவிட்டால் ஆங்கிலத்தில் அதற்கு "frozen" என்று ஒற்றைச் சொல் இருக்கிறது. தமிழில் என்ன எழுதலாம்?

கூடவே, பட்டியலில் இப்படிப் போட்டிருக்கிறேன்: முதல் தூண் மேலுள்ள விரிவு இணைப்பு "மோசம்", இரண்டாம் தூண் மேலுள்ளது "நன்று", கடைசிக் கரையில் உள்ளது "மோசம்". மோசமான இரண்டையும் மாற்றப் பரிந்துரை. காலை ஆறு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இடைவெளியை அளந்தேன். வித்தியாசம் முதல் தூணில் 5.2 மி.மீ., இரண்டாம் தூணில் 0.3, கடைசிக் கரையில் 5.0. மோசம் என்று போட்ட இரண்டிலும் கணக்குக்கு மேல் அசைவு.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

"உறைந்த தாங்கி" என்று வைத்துக்கொள்ளலாம். மூலச் சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது, படிப்பவருக்கும் உடனே புரியும். புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம்.

லாரி உரிமையாளர், மண்டபம்:

தம்பி, என் ஐஸ் வண்டியிலும் போன வருஷம் பின் சக்கர பேரிங் இப்படித்தான் பிடித்துக்கொண்டது. உப்புத்தண்ணிதான் காரணம். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் அடித்தேன், சரியாயிடுச்சு. எங்கள் பட்டறையில் "ஜாம் ஆயிடுச்சு" என்றால் எல்லோருக்கும் புரியும். இதற்கு எதற்கு இத்தனை யோசனை?

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர், ராமநாதபுரம்:

தம்பி, சொல்லை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் அளவுகளைப் பார்ப்போம்.

கான்கிரீட் வெப்பத்தில் நீளும் விகிதம் ஒரு டிகிரிக்கு 0.000012 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று கான்கிரீட்டின் வெப்பம் எவ்வளவு ஏறியது? காற்றின் வெப்பத்தைக் கேட்கவில்லை. தளத்தில் சின்னத் துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, அதற்குள் வெப்பமானி வைத்தீர்களா? வெயில் மேல்தளத்தைத்தான் முதலில் சுடும், கீழே கர்டர் பின்தங்கும். சராசரியாக 12 டிகிரி ஏறியிருந்தால் கணக்கு இது:

```
25000 × 0.000012 × 12 = 3.6 மி.மீ.
```

எல்லாத் தாங்கியும் ஒழுங்காக வேலை செய்தால் மூன்று இணைப்பிலும் இடைவெளி சுமார் 3.6 குறைய வேண்டும். உங்களுக்கு வந்தது 5.2, 0.3, 5.0. இரண்டாம் தூண் மேல் நிற்கும் நடுக்கண்ணின் உருளை நகரவில்லை என்று வைத்துப் பாருங்கள். நடுக்கண் நீளும்போது இரு தூண்களின் தலையையும் வெளிப்பக்கம் தள்ளும். இரண்டுக்கும் விறைப்பு ஒன்றாக இருந்தால் ஆளுக்கு 1.8. முதல் தூண் பின்னால் வருவதால் அங்கே 3.6 கூட்டல் 1.8, அதாவது 5.4 குறையும். இரண்டாம் தூண் மேல் நடுக்கண்ணின் முனையும் கடைசிக் கண்ணின் நிலைத் தாங்கியும் சேர்ந்தே நகர்வதால் அந்த இணைப்பில் மாற்றமே இருக்காது. கடைசிக் கண் தூணோடு தள்ளப்படுவதால் கரையிலும் 5.4. உங்கள் அளவோடு ஒட்டிப்போகிறது, இல்லையா?

ஆக, நீங்கள் "நன்று" போட்ட இடத்தில்தான் கோளாறு. மற்ற இரண்டும் அதன் பலனைச் சுமக்கின்றன. 80 மி.மீ. அசைவுக்குச் செய்த பட்டை இணைப்புக்கு 5 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. ரப்பர் கிழிந்ததா, ஓர இரும்பு ஆடுகிறதா, பக்கத்துக் கான்கிரீட் உதிர்கிறதா என்று பார்த்துத்தான் அதற்கு மதிப்பீடு போட வேண்டும். அவற்றை மாற்றினால் காசு போகும், தூண் தள்ளப்படுவது நிற்காது.

உதவிப் பொறியாளர், தொண்டி:

ஐயா, வெப்பமானியைத் துளையில்தான் வைத்தேன், 11 முதல் 13 டிகிரி ஏறியது. இரண்டாம் தூணில் ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் "நன்று" போட்டேன். அடியில் போய்ப் பார்க்கப் படகு கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர், ராமநாதபுரம்:

படகு பிடித்துப் போய்ப் பாருங்கள், தம்பி. நடைமேடை ஓரத்தில் ரப்பர் பட்டை மேல்நோக்கி மடிந்து நிற்க வேண்டும். பல இடங்களில் அதைத் தளத்தோடு வெட்டி விட்டுவிடுவார்கள். அந்த வழியாக வழியும் தண்ணீர் ஓரக் கர்டரின் தாங்கி மேல் நேராக விழும். மண்டபத்து அண்ணன் வண்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணியும் அதில் சேர்த்தி (கோபிக்க வேண்டாம் அண்ணே, எல்லா மீன் வண்டியும்தான்). தூண் தலையில் காற்று கொண்டுவந்த மணலும் உப்புப் பொருக்கும் குவிந்திருந்தால் கேள்வியே இல்லை. அடித்தகட்டில் உருளை நகர்ந்த பளபளப்பான தடம் இருக்கிறதா, இல்லை துரு ஒரே சீராகப் படர்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். தாங்கி உட்காரும் மேடையின் விளிம்பில் விரிசல் இருந்தால் படமெடுங்கள், அது அவசரம்.

அண்ணன் சொன்ன கழுவலும் கிரீஸும் பாதி சரி. உருளையில் மேல்துரு மட்டும் என்றால் சுரண்டித் துடைத்துக் கிராஃபைட் கிரீஸ் பூசலாம். குழி விழுந்திருந்தாலோ ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அதற்குப் போக்குவரத்தை நிறுத்தி, முனைக் குறுக்கு உத்தரத்தின் அடியில் ஜாக்கி வைத்து, எல்லாக் கர்டரையும் ஒரே சமயத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் தளத்தில் விரிசல் விழும். சக்கர பேரிங் போல ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். "உறைந்த" வேண்டாம். கான்கிரீட் உறைவது என்று அதே அறிக்கையில் இன்னொரு பக்கத்தில் எழுதுவோம், குழப்பும். "இறுகிய" என்பதற்கும் அதே கதி. எனக்கு "முடங்கிய தாங்கி" பிடிக்கிறது. ஆள் இருக்கிறார், நடமாட்டம் இல்லை என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

தமிழாசிரியை, கீழக்கரை:

"முடங்கிய" நன்று. ஆனால் முடங்குதல் என்றால் மடங்கிக் கிடத்தல் என்றும் பொருள் உண்டே. உருளை வளைந்துவிட்டது என்று யாராவது படித்தால்? "துருப்பூட்டு" என்று வைக்கலாமா? துரு பூட்டிவிட்டது என்பது காரணத்தையும் சேர்த்துச் சொல்லும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

கான்கிரீட் விஷயம் யோசிக்கவில்லை, "உறைந்த" போகட்டும். "துருப்பூட்டு" அழகுதான். ஆனால் மணல் அடைத்து நின்றால் அந்தச் சொல் பொய்யாகிவிடும் அல்லவா?

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர், ராமநாதபுரம்:

ஆமாம், நிலைக்கு ஒரு சொல், காரணத்துக்கு வேறு சொல் என்று பிரித்து வைப்பதே நல்லது. மதிப்பீட்டுப் பத்தியில் "முடங்கியது", காரணப் பத்தியில் "துருப்பூட்டு" அல்லது "மணல் அடைப்பு". ரப்பர் அட்டைத் தாங்கிக்கு இந்தச் சொல் பொருந்தாது. அது பூட்டிக்கொள்வதில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, பிதுங்கி, வெடிக்கும்.

உதவிப் பொறியாளர், தொண்டி:

நன்றி ஐயா. நேற்று படகில் போய்வந்தேன். இரண்டாம் தூண் தலையில் முழங்கை ஆழத்துக்கு மணல். ஓரத் தாங்கிகள் இரண்டும் துருப்பாறையாக நிற்கின்றன, நடுத் தாங்கியின் அடித்தகட்டில் மெல்லிய தடம் தெரிகிறது. ஒரே வரிசையில் பாதி முடங்கியது என்று எப்படி எழுதுவது?

தமிழாசிரியை, கீழக்கரை:

"அரைமுடக்கம்"?

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர், ராமநாதபுரம்:

அந்த வார்த்தையைப் பார்த்தால் மேலிடம் வேலையைத் தள்ளிப்போட்டுவிடும் அம்மா. ஓரத்தில் ஒன்று நின்றாலே வரிசை முழுவதும் சேர்ந்து நகராது. தாங்கிக்குத் தாங்கி தனி வரியாக எழுதி, மொத்த வரிசைக்கு "முடங்கியது" என்றே போடுங்கள் தம்பி. இணைப்பு மாற்றும் பரிந்துரையை எடுத்துவிட்டு, மணலை அள்ளிய பின் மறுபடி காலையும் மாலையும் அளந்து அனுப்புங்கள்.