டிகாஷனில் ரொட்டி வாசம்: வறுவல் கோளாறா? அவசரம்

கும்பகோணத்துக்காரன்: வழக்கமான கடையை மூடிவிட்டார்கள். புதுக்கடைப் பொடி சப்பென்று இருக்கிறது, டிகாஷனில் காய்ந்த ரொட்டி வாசம். வெள்ளிக்கிழமை மாமனார் வருகிறார். என்ன செய்வது?

பில்டர் அக்கா: சிக்கரி எவ்வளவு? என்றைக்கு அரைத்தது? என்ன தண்ணீர்?

டெல்டா வாசி: தண்ணீர்தான். எங்கள் திருவாரூர் வீட்டு போர் தண்ணீரில் எந்தப் பொடியும் சப்பென்றுதான் இருக்கும்.

கும்பகோணத்துக்காரன்: மன்னிக்கவும். 20 சதம் சிக்கரி, நேற்று அரைத்தது, கேன் தண்ணீர்.

மூத்த உறுப்பினர்: சிக்கரிப் பொடியை வைத்துக்கொண்டு வறுவலைப் பற்றிக் கேட்கிறீர்கள். முதலில் காபி குடிக்கப் பழகுங்கள், தம்பி.

பில்டர் அக்கா: ஏன் சார், சிக்கரி இல்லாமல் டிகிரி காபியா?

மூத்த உறுப்பினர்: டிகிரி என்பது பாலுக்கு, சிக்கரிக்கு அல்ல.

தஞ்சை வறுவல்: அந்தச் சண்டை பிறகு இருக்கட்டும். பத்து வருடமாக வறுக்கிறேன். பொடியில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது, சிக்கரியும் வாசனையை மூடிவிடும். அதே கடையில் அதே கொட்டையை 100 கிராம் அரைக்காமல் வாங்கி, வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். தட்டையான பக்கத்தில் கரும்புள்ளி இருந்தால், வறுக்கும் டிரம் அதிகம் சூடாக இருந்தபோது கொட்டையைப் போட்டிருக்கிறார்கள். அது குடிக்கும்போது புகையும் சாம்பலுமாகத் தெரியும், ஆற ஆறக் கூடும். உங்களுக்கு ரொட்டி வாசம் என்பதால் நான் சந்தேகப்படுவது வேறு. தீ குறைந்து, சூடு ஏறாமல் நடுவில் தேங்கிவிட்டால் கொட்டை வெந்துபோகும். பேக்டு என்போம். தட்டில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், நாக்குதான் கண்டுபிடிக்கும்.

டெல்டா வாசி: என் பீபெரியில் நுனி மட்டும் கருப்பாக இருந்தது. அதுவும் அந்தக் கரும்புள்ளிதானா?

தஞ்சை வறுவல்: இல்லை, அது நுனிக் கருகல். சூடு வேகமாக ஏறினால் முதலில் கருகுவது நுனிதான்.

பில்டர் அக்கா: பழைய கொட்டையும் சப்பென்றுதானே இருக்கும்? நேற்று அரைத்தார்கள் என்றால் நேற்று வறுத்ததாகிவிடுமா?

தஞ்சை வறுவல்: நல்ல கேள்வி. அந்தக் கொட்டையை அரைத்து, 10 கிராம் பொடியில் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். புதுசு என்றால் நுரைத்துப் பொங்கும், பழசு அடங்கிக் கிடக்கும். 4 நிமிடம் கழித்து மேலே உள்ளதை வழித்துவிட்டுப் பால் இல்லாமல் குடியுங்கள். பொங்கியும் இனிப்பே இல்லாமல் வைக்கோல், ரொட்டி மாதிரி இருந்தால் வறுவல்தான். அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

மூத்த உறுப்பினர்: நுரையை மட்டும் நம்பாதீர்கள், ரொபஸ்டா அதிகமாகவே பொங்கும்.

கும்பகோணத்துக்காரன்: பார்த்துவிட்டேன். கொட்டையில் கரும்புள்ளி இல்லை, நன்றாகப் பொங்கியது, குடித்தால் அதே ரொட்டி. கடையில் கேட்டேன். சிறுதீயில் நிதானமாக வறுப்போம், அதுதான் எங்கள் பெருமை என்றார்கள். மாமனாருக்கு வேறு கடையில் வாங்கிவிட்டேன். நன்றி.

பில்டர் அக்கா: அங்கே கொட்டையாக வாங்கினீர்களா, பொடியா?