ஊசி போட்ட மாட்டுப் பால், உறையாத தயிர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நாலு மாட்டுக்காரி

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று வாரம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

செவலை மாட்டுக்கு இடது பின் காம்பில் மடிநோய். பீய்ச்சினால் திரித்திரியாக வந்தது. டாக்டர் வந்து காம்புக்குள் மருந்து ட்யூப் ஏற்றினார். மூன்று நாள் சாயங்காலக் கறவைக்குப் பிறகு ஒவ்வொன்று. "கடைசி ட்யூப்பிலிருந்து நாலு நாள் பாலை யாருக்கும் கொடுக்காதே அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் என்ன செய்தேன் என்றால், அந்த ஒரு காம்புப் பாலை மட்டும் தனியாகப் பீய்ச்சிக் கொட்டினேன். மற்ற மூன்று காம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பாலை வழக்கம்போல வீடுகளுக்கு ஊற்றிவிட்டேன்.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு அக்கா பாத்திரத்தோடு வந்து நின்றார். மூடியைத் திறந்து காட்டினார். ராத்திரி உறை ஊற்றிய பால் அப்படியே பாலாகவே கிடந்தது. ஊற்றிய மோர் மட்டும் ஓரத்தில் சின்னத் திட்டாக ஒட்டியிருந்தது. "என்ன பால் கண்ணு இது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு காம்பில் ஏற்றிய மருந்து மற்ற காம்புக்கு எப்படிப் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் டெஸ்டர்

பால் குளிரூட்டும் நிலையத்தில் பதினோரு வருடம் டெஸ்ட் பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேன்.

நாலு காம்பும் உள்ளே தனித்தனிதான், ஒரு காம்புப் பால் இன்னொன்றுக்குள் நேராக ஓடாது. அதுவரை நீங்கள் நினைத்தது சரி. ஆனால் ட்யூப் மருந்து மடிச்சதை வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்திலிருந்துதான் மற்ற மூன்று பகுதியும் பாலைச் சுரக்கிறது. அளவு குறைவாக இருக்கும், இல்லாமல் இருக்காது. ஒரு காம்புக்கு ட்யூப் என்றால் நாலு காம்புப் பாலும் விலக்கு.

"கொஞ்சம்தானே, கேனில் கலந்தால் காணாமல் போய்விடும்" என்று சொல்லுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலில் பென்சிலினுக்கு, உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ட்யூப் ஏற்றிய மாட்டின் 5 லிட்டர் பாலில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். முதல் கறவைகளில் இதைவிட அதிகமாகவே வரும். மொத்தம் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். நாலால் வகுத்தால் 2,500 லிட்டர். ஒரு மாட்டின் ஒரு வேளைப் பாலை அனுமதித்த அளவுக்குக் கொண்டுவரவே அவ்வளவு நல்ல பால் வேண்டும். எத்தனையோ கிராமத்து சொசைட்டிகளில் ஒரு வேளைக்கு அவ்வளவு பால் வராது.

எனக்கு மறக்காதது ஒரு ஊதா நிறம். சின்னக் குப்பியில் பாக்டீரியா விதை இருக்கும். சொட்டுப் பாலை விட்டு 64 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தால், பாக்டீரியா வளர்ந்து புளித்து ஊதா மஞ்சளாக மாற வேண்டும். பாலில் மருந்து இருந்தால் பாக்டீரியா வளராது, ஊதா ஊதாவாகவே நிற்கும். அந்த அக்காவின் பாத்திரத்தில் நடந்ததும் இதேதான். ஒரு நாள் ஒரு டேங்கரிலிருந்து எடுத்த சொட்டுப் பால் ஊதாவாகவே நின்றது. டேங்கர் பால் அவ்வளவும் கீழே போனது. அதில் பால் ஊற்றியவர்களில் ஊசி போட்டது ஒரே வீடு.

காங்கேயம் தம்பி

அண்ணா சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் இவ்வளவு பயம் தேவையா? எங்கள் வீட்டில் எந்த ஊசி போட்டாலும் மூன்று நாள் கன்றுக்கு விட்டுவிடுவோம். நாலாம் நாள் ஒரு டம்ளர் பாலில் உறை ஊற்றிப் பார்ப்போம். உறைந்தால் சொசைட்டிக்குப் போகும். போன மாதம்கூட உண்ணிக்கு ஊசி போட்டோம், தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்தது. அதோடு மக்கள் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறார்கள்? கொதியில் போய்விடாதா?

முன்னாள் டெஸ்டர்

தம்பி, உறையவில்லை என்றால் மருந்து இருக்கக்கூடும் என்று சந்தேகப்படுவது சரி. உறைந்துவிட்டது, அதனால் மருந்து இல்லை என்பது தவறு. மாட்டுக்குப் போடும் மருந்துகளில் தயிர் பாக்டீரியாவை மடக்குவது பெரும்பாலும் ஆன்டிபயாடிக்தான், அதிலும் எல்லா மருந்துக்கும் ஒரே அளவில் மடங்காது. உண்ணி ஊசி, பூச்சி மருந்து, வலி ஊசி எதுவும் தயிரைத் தொடாது. நீங்கள் போட்டது ஐவர்மெக்டினாக இருந்தால் அது கொழுப்பில் போய்த் தங்கும் மருந்து. பாலிலும் கொழுப்பு இருக்கிறது. கறவை மாட்டுக்குப் போடாதே என்று பல அட்டைகளில் எழுதியிருப்பார்கள். எடுத்துப் படியுங்கள்.

காய்ச்சுவதைப் பற்றி: வீட்டில் ஒரு பொங்கு பொங்கவிட்டு இறக்கும் சூட்டில் பென்சிலினில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்தப் பாலைக் கொடுத்தால் உடம்பு தடிக்கலாம், மூச்சுத் திணறல்வரைகூடப் போகலாம். கன்றுக்கு விடுவதும் நல்லதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மருந்து குடித்து வளரும் கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

வெள்ளாட்டுப் பட்டி

பாலைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். கறிக்கு இதைவிட மோசமாக நடக்கிறது.

ஆடி மாதக் கிடாவெட்டு. நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஒரு வாரம் முன்னால் சளி. நான்தான் நீண்ட நாள் வேலை செய்யும் டெட்ராசைக்ளின் ஊசியைத் தொடையில் போட்டேன். சளி தெளிந்தது. குறித்த நாளில் வெட்டியாயிற்று. தோலை உரித்துத் தொடையைப் பிளந்தபோது உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் திட்டு, சதை ஓரத்தில் கொழகொழவென்று. வெட்டுகிறவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஊசி போட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். "அதை மட்டும் எடுத்துப் போடுப்பா" என்றேன். மிச்சம் அவ்வளவும் பந்தியில் போனது. ஈரலைக் குழந்தைகளுக்கு என்று எடுத்துவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டையைத் தேடிப் படித்தேன். கறிக்கு 28 நாள். நான் விட்டது ஏழு. திட்டை வெட்டிப் போட்டது போதுமா? யாரும் நேராகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

முன்னாள் டெஸ்டர்

நேராகச் சொல்கிறேன், போதாது. ஊசி போட்ட இடத்தில் அதிகம் தேங்கும், அதை எடுத்தது நல்லதுதான். ஆனால் மருந்து உடம்பை விட்டுப் போகும் வழியே ஈரலும் சிறுநீரகமும்தான். அதனால் கறியைவிட அவற்றில் கூடுதலாக நிற்கும். ஜென்டாமைசின் மாதிரி மருந்து சிறுநீரகத்தில் மாதக் கணக்கில் கிடக்கும். அன்று சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்றால், ஒரு வேளைக் கறிக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. நேர்த்திக்கடன் கிடா என்றால் நாளைத் தள்ளிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

தெருக்கடை டீ

ஊசி போட்டுப் பால் கறப்பதைத்தானே சொல்கிறீர்கள்? எங்கள் ஊரில் ஒருவர் தினமும் கறவைக்கு முன்னால் ஒரு ஊசி போடுவார், மாடு உடனே பால் விடும். நான் அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இதை யாருமே கேட்பதில்லை.

காங்கேயம் தம்பி

அண்ணா, அது பால் இறங்கப் போடும் ஊசி, தவறுதான். ஆனால் இங்கே பேச்சு நோய்க்குப் போடும் மருந்து எத்தனை நாள் பாலில் வரும் என்பது. அதற்குத் தனியாக எழுதுங்கள்.

கற்றாழைத் தோட்டம்

எனக்கு நடந்தது சின்னது. ஒரு எருமைக்கு மடி கல்லாக இருந்தது, ஊசி போட்டு ஒரு வாரப் பாலைக் கொட்டினேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊசியை விட்டுவிட்டேன். எல்லோரும் இதைச் செய்யுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் சொல்லிக் கொடுத்த முறை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் சீவி, தோலோடு நறுக்கி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேல் என்று விழுது வரும். மடியை முழுக்கக் கறந்து, கழுவித் துடைத்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதில் தண்ணீர் கலந்து மடி முழுவதும் தடவுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். தடவை தடவையாகப் பூசுவதில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் ஒன்று மாலையில் ஒன்று பூசிவிட்டுக் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். திரி தெரிந்த முதல் வேளையே ஆரம்பியுங்கள், மருந்துக்காகப் பாலைக் கொட்டும் பேச்சே வராது.

முன்னாள் டெஸ்டர்

முறை உண்மை, பலன் பார்த்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் வந்து, தீவனம் எடுக்காமல், பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுதை மட்டும் நம்பிக் காத்திருந்து மடியையே இழந்தவர்கள் உண்டு. இன்னொன்று, மேலே விழுது, உள்ளே ட்யூப் என்று இரண்டும் செய்துவிட்டு "மூலிகைதான் போட்டேன்" என்று பால் கொண்டுவருகிறார்கள். குப்பி ஊதாவாகத்தான் நிற்கும்.

கற்றாழைத் தோட்டம்

அப்படிச் செய்பவர்களுக்காக முறையைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. நான் இரண்டு வருடமாக ஒரு ட்யூப்கூட வாங்கவில்லை.

நாலு மாட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது ட்யூப்புக்குப் பிறகும் வீக்கம் வற்றவில்லை என்று மறுநாள் காலையில் டாக்டர் கழுத்தில் ஒரு ஊசியும் போட்டார். ட்யூப் அட்டை கிடைத்தது, அதில் 72 மணி நேரம் என்று இருக்கிறது. ஊசிப் புட்டியில் நாளே போடவில்லை. அவர் சொன்ன நாலு நாள் எதற்கு? எங்கிருந்து எண்ணுவது?

முன்னாள் டெஸ்டர்

இரண்டு மருந்து என்றால் எதற்கு அதிக நாளோ அதை எடுக்க வேண்டும். எண்ணுவது ஒவ்வொன்றின் கடைசி டோஸிலிருந்து. நாலு நாள் என்றது ட்யூப்புக்கு மட்டுமாக இருக்கும், ஊசி பிறகுதானே வந்தது. புட்டியில் போடாததற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2012-இல் மருந்து விதிகளில் 97-ஆம் விதியைத் திருத்தினார்கள். கறி, பால், முட்டை தரும் விலங்குகளுக்கான மருந்தில் விலக்கு நாளை அச்சிட வேண்டும். அந்த மருந்துக்கென்று நாள் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்குக் குறையக் கூடாது, கறிக்கு 28 நாளுக்குக் குறையக் கூடாது. ஆகவே ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு. அட்டையில் உள்ள நாளும் அதில் சொன்ன அளவு, சொன்ன இடைவெளிக்குத்தான் பொருந்தும். கூடுதலாக ஏற்றியிருந்தால் அந்த 72 மணியை நம்பாதீர்கள், டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நாலு மாட்டுக்காரி

ஏழு நாள் என்றால் ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர், 63 லிட்டர். அந்தப் பணம் யார் தருவார்கள் என்று சொசைட்டியில் கேட்டேன். யாரும் தரமாட்டார்கள். இது மாறாதவரை என்னைப் போல நிறையப் பேர் ஊற்றத்தான் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புக் கயிறு கட்டிவிடுகிறேன், நான் இல்லாத அன்று என் வீட்டுக்காரர் கறந்தாலும் தெரியட்டும் என்று. கயிறு கட்டிய மாட்டைக் கடைசியாகக் கறந்து, அந்த வாளியைத் தனியாகக் கழுவி வைக்கிறோம். பக்கத்துத் தெரு அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பால் இன்னும் வாங்க ஆரம்பிக்கவில்லை.